78 சதவீதம் என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: அக்கா, நான் ஹட்டனில் ஆசிரியராக இருக்கிறேன். கொழும்புப் பங்குச் சந்தையில் சிறிய அளவில் பங்கு வாங்கி விற்கிறேன். ஒரு தோட்டக் கம்பனிப் பங்கில், இறங்கிய விலை இனி ஏறும் என்று காட்டும் மோர்னிங் ஸ்டார் என்ற மூன்று நாள் வடிவம் வந்தது. முதல் நாள் 50.00இல் திறந்து 47.00இல் முடிந்தது, அன்றைய உச்சம் 50.20. இரண்டாம் நாள் 46.20இல் திறந்து 46.40இல் முடிந்தது, அடி விலை 45.40. மூன்றாம் நாள் 46.80இல் திறந்து 49.40இல் முடிந்தது. அடுத்த நாள் காலை 49.80க்கு 500 பங்கு வாங்கினேன். பிறகு 50.60க்கு விற்றேன். விலை ஏறியும் கணக்கில் பணம் குறைந்திருக்கிறது. மோர்னிங் ஸ்டார் 78 சதவீதம், விலை இறங்கும் என்று காட்டும் அதன் தலைகீழ் வடிவமான ஈவினிங் ஸ்டார் 72 சதவீதம் பலிக்கும் என்று படித்துத்தான் இறங்கினேன். இவற்றை எவ்வளவு நம்பலாம்? இப்போது என்னிடமுள்ள வேறொரு பங்கில் ஈவினிங் ஸ்டார் வந்திருக்கிறது. விற்றுவிடவா?

பதில்: தம்பி, மூன்று நாள் விலைகளையும் ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கு நன்றி. அவை இருப்பதால் உங்கள் பங்கை வைத்தே எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கலாம்.

நீங்கள் பார்த்தது இலக்கணப்படி சுத்தமான மோர்னிங் ஸ்டார்தான். வரைபடத்தில் ஒரு நாளின் விலைகளைக் காட்டும் கட்டைதான் கேண்டில்; திறந்த விலைக்கும் முடிந்த விலைக்கும் இடைப்பட்ட பகுதி அதன் உடம்பு, இறங்கி முடிந்தால் சிவப்பு, ஏறி முடிந்தால் பச்சை. இறங்கிவந்த விலையில் ஒரு நீண்ட சிவப்புக் கேண்டில், அதற்குக் கீழே இடைவெளி விட்டு ஒரு சின்ன உடம்பு, பிறகு முதல் நாள் உடம்பின் பாதிக்கு மேல் ஏறி முடியும் ஒரு நீண்ட பச்சைக் கேண்டில். முதல் நாள் உடம்பின் நடு 48.50. மூன்றாம் நாள் 49.40இல் முடிந்ததால் அந்த நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. ஆகவே நீங்கள் வடிவத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. பிரச்சினை அந்த 78 என்ற எண் எதை அளக்கிறது என்பதில் இருக்கிறது.

78, 72 என்ற இரண்டு எண்களும் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் பல்கௌஸ்கி 2008இல் வெளியிட்டவை. இணையத்தில் சுற்றும் அட்டவணைகள் பலவும் அவற்றைத்தான் எடுத்துப் போடுகின்றன. அவர் ஏராளமான கேண்டில் வடிவங்களைப் பொறுமையாக எண்ணியவர். எப்படி எண்ணினார் என்பதையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். மூன்று நாளிலும் தொட்ட ஆக உயர்ந்த விலை வடிவத்தின் மேல் எல்லை, ஆகக் குறைந்த விலை கீழ் எல்லை. பிறகு வரும் நாட்களில் விலை முதலில் மேல் எல்லைக்கு மேலே முடிகிறதா, கீழ் எல்லைக்குக் கீழே முடிகிறதா என்று பார்க்கிறார். மேலே முடிந்தால் மோர்னிங் ஸ்டார் பலித்தது என்று கணக்கு. எண்ணை எடுத்துப் போடுகிறவர்கள் இந்த விளக்கத்தை விட்டுவிடுகிறார்கள். படிக்கிறவர் 78 சதவீதம் இலாபம் என்று எடுத்துக்கொள்கிறார்.

இதை உங்கள் பங்கில் வைத்துப் பாருங்கள். மேல் எல்லை 50.20, கீழ் எல்லை 45.40. மூன்றாம் நாள் முடிவு 49.40. மேல் எல்லைக்கு இன்னும் 80 சதம்தான் இருக்கிறது. கீழ் எல்லைக்கோ முழுதாக 4 ரூபா. நாளையிலிருந்து இந்தப் பங்கின் விலையைச் சந்தை தீர்மானிக்காமல் ஒரு நாணயம் தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலை விழுந்தால் 20 சதம் ஏறும், பூ விழுந்தால் 20 சதம் இறங்கும். மேல் எல்லை 4 படி தூரத்தில், கீழ் எல்லை 20 படி தூரத்தில், மொத்தம் 24 படி. முதலில் மேல் எல்லையைத் தொடும் வாய்ப்பு, கீழ் எல்லைக்கான தூரத்தை மொத்தத் தூரத்தால் பிரித்தால் வரும்: 24இல் 20, அதாவது 83 சதவீதம்.

எந்த அறிவும் இல்லாத நாணயமே உங்கள் பங்கில் 83 சதவீதம் 'பலித்துவிடும்'. மூன்றாம் நாள் சரியாக நடுவில், 48.50இல் முடிந்திருந்தால் அதே கணக்கு ஏறக்குறைய 65 சதவீதத்தில் நிற்கும். மூன்றாம் கேண்டில் மேல் எல்லைக்குக் கிட்டப் போய் முடிய வேண்டும் என்று வடிவத்தின் விதியே கேட்கிறது. பிறகு விலை எந்த எல்லையை முதலில் தாண்டுகிறது என்று அளந்தால் பெரிய எண் வராமல் என்ன செய்யும்? பல்கௌஸ்கியின் எண்ணில் பிழை இல்லை. ஆனால் அந்த 78இல் பெரும்பகுதி தூரத்தின் கணக்கு. சந்தை திரும்புகிறது என்பதற்கு அதை மட்டும் வைத்துச் சாட்சி சொல்ல முடியாது. ஈவினிங் ஸ்டாரின் 72க்கும் இதே கதைதான், தலைகீழாக. அது சற்றுக் குறைவாக இருப்பதற்குப் பங்கு விலைகள் நீண்ட காலத்தில் மெல்ல ஏறும் இயல்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாணயக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 83 சதவீதம் என்பது ஆறுக்கு ஐந்து. ஐந்து முறை 80 சதம் கிடைத்தால் 4 ரூபா வருகிறது. ஆறாவது முறை கீழ் எல்லைக்குப் போனால் 4 ரூபா போகிறது. மிச்சம் பூச்சியம். அடிக்கடி வெல்வதும் இலாபம் காண்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்தப் பூச்சியத்திலிருந்து இன்னும் கழிக்க வேண்டியதுதான் உங்கள் கணக்கில் குறைந்த பணம். கொழும்புச் சந்தையில் 100 மில்லியன் ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தக் கட்டணம் 1.12 சதவீதம். தரகருக்கு 0.64, அரசின் பங்குப் பரிவர்த்தனை வரி 0.30, மிச்சம் பங்குச் சந்தைக்கும், பங்குகளைப் பதிந்து வைக்கும் சீடிஎஸ்ஸுக்கும், சந்தையை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவுக்கும் போகிறது. வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை. நீங்கள் 24,900 ரூபாவுக்கு வாங்கியபோது 278.88, 25,300 ரூபாவுக்கு விற்றபோது 283.36, மொத்தம் 562.24 ரூபா. விலை ஏறியதால் கிடைத்தது 400. ஆகவே 162 ரூபா நட்டம். 49.80க்கு வாங்கிய பங்கை 51.00க்கு விற்றால்தான் போட்ட பணமாவது தப்பும்; 50.90க்கு விற்றாலும் பங்கொன்றுக்குச் சில சதம் குறையும். ஆனால் அந்தப் பங்கு 50.20க்கு மேல் முடிந்த அன்றே உங்கள் வியாபாரம் 'பலித்த' 78இல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பலித்ததும் நட்டமும் ஒரே வியாபாரத்தில் நடந்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் கேண்டில் பிற்பகல் 2.30க்குச் சந்தை மூடும்போதுதான் முழுமையாகிறது. வடிவம் உறுதியானது அப்போதுதான் தெரியும், வாங்குவது மறுநாள். உங்களுக்கு அதற்குள் விலை 49.80. அடியிலிருந்து ஏற்கெனவே 4 ரூபா 40 சதம் கடந்துவிட்டது. மூன்றாம் கேண்டில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நம்பிக்கை வரும், அவ்வளவு விலையும் கூடியிருக்கும். இந்த வடிவத்தை வைத்து வாங்குகிறவர் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

நட்டத்தை நிறுத்தும் விலையை வடிவத்தின் அடிக்குக் கீழே, 45.30இல் வைத்தீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். தப்பினால் பங்கொன்றுக்கு 4.50 போகும், கட்டணத்தோடு 5.57 ரூபா. அதே தூரம் மேலே, 54.30இல் விற்க நினைத்தால் கிடைக்கும் 4.50இல் கட்டணம் போக 3.33 ரூபாதான் கையில் நிற்கும். இப்படித் தொடர்ந்து செய்து நட்டமில்லாமல் இருக்க, நூற்றில் 63 தடவையாவது விலை மேலே போயாக வேண்டும். இரண்டு இலக்கும் சம தூரத்தில் இருப்பதால் நாணயம் இங்கே 50தான் தரும். மிச்சம் 13ஐ மோர்னிங் ஸ்டார் தன் சொந்தச் சக்தியால் தர வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: வடிவத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறதா?

கொஞ்சம் சக்தி இருக்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1998இல் கஜினால்ப், லோரன்ட் என்ற இருவர் 1992 முதல் 1996 வரையான அமெரிக்க எஸ் அன்ட் பி 500 பங்குகளில் எட்டு மூன்று நாள் திருப்ப வடிவங்களைச் சோதித்தார்கள். வடிவத்துக்குப் பின் இரண்டு நாள் வைத்திருந்தால் ஏறக்குறைய 1 சதவீத இலாபம் கண்டதாக எழுதினார்கள். 2006இல் மார்ஷல், யங், ரோஸ் மூவரும் அமெரிக்க டவ் ஜோன்ஸ் குறியீட்டுப் பங்குகளில் 1992 முதல் 2002 வரை கேண்டில் வியாபார முறைகளைச் சோதித்து, முதலீட்டாளருக்குப் பயன் எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். சாதகமான முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 சதவீதம் கிடைக்கிறது. நம் சந்தையில் வாங்கி விற்க 2.24 சதவீதம் போகிறது. அமெரிக்காவில் உண்மையாக இருக்கக்கூடிய ஒரு சிறு அனுகூலம் இங்கே கட்டணத்திலேயே கரைந்துவிடும். மோர்னிங் ஸ்டாரை மட்டும் காரணமாக வைத்துச் சில நாட்களுக்குப் பங்கு வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, நீங்கள் பார்க்கும் கேண்டிலே உண்மையானதா என்ற விஷயம். நம் சந்தையில் இது சின்ன விஷயமில்லை. தோட்டக் கம்பனிப் பங்குகள் பலவற்றில் சில நாட்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு கைமாற்றமே நடக்கும். காலையில் யாரோ அவசரத்துக்கு 100 பங்கை 46.20க்குத் தள்ளிவிட்டால் அதுதான் திறந்த விலை. கீழ்நோக்கிய இடைவெளி உருவாகிவிடும். மூடும் நேரத்தில் இன்னொருவர் 50 பங்கை மேல் விலைக்கு வாங்கினால் பச்சை உடம்பும் வந்துவிடும். இரண்டாம் நாளின் சின்ன உடம்பு, விற்கிறவர்கள் களைத்துவிட்டார்கள் என்பதன் அடையாளம் என்று சொல்லித் தருகிறார்கள். பலர் மோதிச் சமநிலைக்கு வந்தால் அது பொருந்தும். யாரும் வராததால் உடம்பு சின்னதாக இருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆகவே அந்த மூன்று நாளிலும் எத்தனை கைமாற்றம், மொத்தம் எவ்வளவு ரூபாவுக்குப் புரள்வு என்பதை எடுத்து, முந்தைய ஒரு மாதத்தின் சராசரியோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் நாள் புரள்வு அந்தச் சராசரிக்குக் குறைவாக இருந்தால் நான் அதை மோர்னிங் ஸ்டார் என்று கணக்கெடுக்கவே மாட்டேன்.

விலை மிகக் குறைந்த பங்குகளில் இன்னும் மோசம். நம் சந்தையில் விலை நகரும் ஆகச் சிறிய படி 10 சதம். 4 ரூபாப் பங்கில் ஒரே படி 2.5 சதவீதம். அங்கே தெரியும் உடம்பும் இடைவெளியும் ஒன்றிரண்டு படிகள் மட்டுமே. அவற்றில் கேண்டில் வடிவம் தேட வேண்டாம்.

இடைவெளிக்கு வேறு காரணமும் இருக்கும். அதிகம் பேர் கவனிக்காதது பங்கிலாபம். எக்ஸ் டிவிடன்ட் நாளிலிருந்து வாங்குகிறவருக்கு அந்தப் பங்கிலாபம் கிடைக்காது; அதனால் அன்று பங்கு ஏறக்குறைய பங்கிலாபத்தைக் கழித்த விலையில் திறக்கும். உங்கள் பங்கில் முதல் நாள் உடம்பின் அடி 47.00, இரண்டாம் நாள் உடம்பின் தலை 46.40, இடைவெளி 60 சதம். அன்று ஒரு ரூபா பங்கிலாபம் கழிந்திருந்தால் அந்த இடைவெளி வெறும் கணக்குப் பதிவு. பயந்து விற்றவர்கள் யாருமில்லை. உங்கள் வரைபடம் பங்கிலாபத்துக்குத் திருத்தம் செய்யாததாக இருந்தால் இப்படிப் பொய்யான ஸ்டார்கள் வரும். வடிவத்தைக் கண்டதும் அந்தக் கம்பனியின் அறிவித்தல்களைச் சந்தையின் இணையத்தளத்தில் ஒரு தடவை பாருங்கள். தோட்டப் பங்குகளில் சம்பளச் செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024இல் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது, பிறகு விஷயம் நீதிமன்றம் போனது. இப்படிப்பட்ட ஒரு முடிவு மறுபடி வந்தால் நேற்று வரைந்த மூன்று கேண்டிலுக்கு அதை எதிர்த்து நிற்கும் வலு கிடையாது.

மென்பொருள் காட்டும் அடையாளத்தை நம்புகிறீர்கள் என்றால் அதன் விதி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். பல தளங்கள் பயன்படுத்தும் TA-Lib என்ற மென்பொருள் தொகுப்பில் மோர்னிங் ஸ்டாரைத் தேடும் CDLMORNINGSTAR என்ற கட்டளை, முதல் உடம்புக்குள் 30 சதவீதம் ஏறினாலே போதும் என்று இயல்பாக வைத்திருக்கிறது. உங்கள் பங்கு மூன்றாம் நாள் 48.00இல் முடிந்திருந்தாலும் அது அடையாளம் போட்டிருக்கும்; பாதி ஏற வேண்டும் என்ற பழைய விதிப்படி அது மோர்னிங் ஸ்டாரே இல்லை. 48.00இலிருந்து நாணயக் கணக்குப் போட்டால் 54 சதவீதம்தான் வருகிறது. 54, 65, 83 என்று வேறு வேறு வாய்ப்புள்ள வடிவங்களுக்கு ஒரே பெயரைச் சூட்டி, எல்லாவற்றுக்கும் 78 என்று எழுதிவைப்பது நியாயமா என்று நீங்களே பாருங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், ஆசிரியரான உங்களுக்கு இது கடினமில்லை. ஒரு கொப்பியில் வடிவம் வந்த ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள், நீங்கள் வாங்காமல் விட்டவற்றையும் சேர்த்து. மறுநாள் திறந்த விலை, அதிலிருந்து ஐந்தாவது வியாபார நாள் முடிந்த விலை, 2.24 சதவீதம் கழித்தால் மிச்சம். பக்கத்திலேயே, அதே பங்கு இறங்கிக்கொண்டிருந்த வேறு சாதாரண நாட்களில் வாங்கியிருந்தால் ஐந்து நாளில் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது வரிசை இல்லாமல் முதலாவதுக்கு அர்த்தம் இல்லை. அவசரப்பட்டு முடிவெடுக்கவும் வேண்டாம். 20 தடவையில் 13 தடவை ஏறினால் பெரிதாகத் தோன்றும், ஆனால் சுண்டிய நாணயத்திலும் அது சாதாரணமாக வரும். 50க்கும் 55க்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துக் காண ஏறக்குறைய 400 உதாரணம் வேண்டும். ஒரு பங்கில் அவ்வளவு கிடைக்காது; பல பங்குகளில் பல வருட விலைகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இந்த வடிவம் எதற்கும் உதவாதா? ஓரிடத்தில் நான் பயன்படுத்துவேன். கம்பனியின் கணக்கறிக்கை, தேயிலை விலை, பங்கிலாபம் எல்லாம் பார்த்து ஒரு பங்கை வருடக்கணக்கில் வைத்திருக்க ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், விலையோ இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது தினமும் வாங்கலாமா என்று தவிப்பதைவிட, நல்ல புரள்வோடு ஒரு மோர்னிங் ஸ்டார் வரும்வரை காத்திருக்கலாம். 1.12 சதவீதத்தை எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள், அதனால் வடிவம் உங்களுக்கு மேலதிகச் செலவு எதையும் வைக்காது. விலை எங்கே போனால் 'திரும்பிவிட்டது' என்ற எண்ணம் பொய் என்பதையும் அது தெளிவாகக் காட்டிவிடுகிறது. உங்கள் பங்கில் அது 45.40. அதற்குக் கீழே முடிந்தால் மிச்சப் பணத்தைப் போடாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் கையிலுள்ள ஈவினிங் ஸ்டார் பங்குக்கும் இதே அளவுகோல்தான். விற்றுவிட்டு, இறங்கியதும் திரும்ப வாங்கலாம் என்பது எண்ணமானால் கட்டணத்தைப் பாருங்கள். 80 ரூபாவுக்கு விற்ற பங்கை 78.20க்கு அல்லது அதற்குக் கீழே வாங்கினால்தான் உங்களுக்கு எதுவும் மிஞ்சும். அந்த இரண்டேகால் சதவீத இறக்கத்தை மூன்று கேண்டிலை மட்டும் நம்பி எதிர்பார்க்க நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பணம் தேவைப்படுகிறது, அல்லது காலாண்டு அறிக்கை உங்களுக்குத் திருப்தியில்லை, எப்படியும் இந்த மாதத்துக்குள் விற்கத்தான் இருந்தீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே விற்றுவிடுங்கள். அப்படியொரு காரணமும் இல்லையென்றால் பங்கை வைத்திருங்கள். மூன்று நாளின் கைமாற்ற எண்ணிக்கையையும் அந்த வாரத்தில் எக்ஸ் டிவிடன்ட் நாள் ஏதும் இருந்ததா என்பதையும் பார்த்து எழுதி அனுப்புங்கள் தம்பி, அந்தப் பங்கையும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.